கீழே விட்டுப்போகும் ஒரு u

y = 1/(1+e^x) என்ற வளைகோட்டை வரைந்து பார்த்தால் அது இடமிருந்து வலமாகச் சரிந்துகொண்டே போகும். x = 0 என்ற இடத்தில் அதன் உயரம் 0.5. x = 1-க்கு வரும்போது ஏறத்தாழ 0.27 ஆகிவிடும். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே, கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு எவ்வளவு என்பது கேள்வி. அகலம் 1 என்பதால், விடை 0.27-க்கும் 0.5-க்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். அதைச் சொல்ல நுண்கணிதமே தேவையில்லை.

ஆனால் தொகையிடல் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இந்தக் கணக்கில் 0.62 வருகிறது. அவர்கள் தேர்ந்தெடுத்த முறை சரியானதுதான்: e^x-ஐ u என்று வைத்துக்கொண்டார்கள். கீழே 1+e^x இருந்த இடத்தில் 1+u வந்தது. dx இருந்த இடத்தில் du என்று எழுதினார்கள். ∫ du/(1+u) என்றால் ln(1+u). எல்லைகளைப் போட்டால் 0.62. சறுக்கியது அந்த du-வில்.

x சீராக நடக்கும்போது u சீராக நடப்பதில்லை, தாவிக்கொண்டே போகிறது. x-இன் மதிப்பு 0, 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக ஏறும்போது u-வின் மதிப்பு 1, 2.72, 7.39, 20.09 என்று போகிறது. x அச்சில் 0.01 அகலத்துக்கு ஒரு மெல்லிய கீற்றை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். x = 0-க்கு அருகில் வெட்டினால் u அச்சிலும் அதன் அகலம் ஏறத்தாழ 0.01-தான். அதே கீற்றை x = 3-இல் வெட்டினால் u அச்சில் அது 0.2 அகலத்துக்கு விரிந்துவிடும், அதாவது இருபது மடங்கு. பழைய அகலம் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் இருபதால் வகுக்க வேண்டும். அந்த இருபதுதான் அந்த இடத்தில் u-வின் மதிப்பு. வகைக்கெழு எடுத்தாலும் இதே செய்திதான் வருகிறது: du = e^x dx, ஆகவே dx = du/u.

கீழே வந்து உட்காரும் இந்த u-வைச் சேர்த்து எழுதினால் கணக்கு இப்படி மாறும்:

∫ dx/(1+e^x) = ∫ du/(u(1+u))

இப்போது e என்ற எழுத்தே எங்கும் இல்லை. மேலும் கீழும் வெறும் பல்லுறுப்புக் கோவைகள்தான். இந்த முறையின் பயனே இதுதான். பல்லுறுப்புக் கோவைகளால் ஆன பின்னம் எதுவானாலும், அதன் பகுதியைக் காரணிப்படுத்த முடிந்தால், பகுதிப் பின்னங்களாக உடைத்துத் தொகையிட்டுவிடலாம். இங்கே உடைப்பது எளிது:

1/(u(1+u)) = 1/u − 1/(1+u)

நம்பிக்கை வராதவர்கள் u-வுக்கு 4 என்று போட்டுப் பார்க்கலாம். இடப்பக்கம் 1/20, வலப்பக்கம் 1/4 − 1/5, அதுவும் 1/20. இரண்டு துண்டுகளையும் தனித்தனியே தொகையிட்டால் ln u − ln(1+u). u-வுக்குப் பதில் e^x-ஐத் திரும்ப வைத்தால், ln(e^x) என்பது x-தான் என்பதால்,

x − ln(1+e^x) + C

என்ற விடை கிடைக்கிறது. 0 முதல் 1 வரை எல்லை போட்டால் 0.38. வளைகோட்டின் உயரத்தைப் பார்த்து முதலிலேயே சொன்ன இடைவெளிக்குள் அது வந்து அமர்கிறது.

தவறாக வந்த 0.62-உம் சரியாக வந்த 0.38-உம் கூட்டினால் 1 வருவது தற்செயல் அல்ல. ln(1+e^x) என்பது e^x/(1+e^x)-இன் தொகையீடு. அந்தப் பின்னத்தையும் 1/(1+e^x)-ஐயும் கூட்டினால் எல்லா இடத்திலும் 1. ஆக, அந்த மாணவர்கள் பக்கத்துக் கணக்குக்குச் சரியான விடை எழுதியிருக்கிறார்கள். மேலே ஒரு e^x இருந்திருந்தால் அது கீழே வரும் u-வை அடித்துவிட்டிருக்கும். இங்கே அடிக்க ஆளில்லை.

எல்லைகளை மாற்ற மறப்பது இன்னொரு வழுக்கல். u-வில் கணக்கை முடிப்பதானால் 0, 1 என்ற எல்லைகள் 1, e என்று மாற வேண்டும். மாற்றாமல் விட்டால் ln 0 வந்து நின்று, தவறு தானே காட்டிக்கொடுத்துவிடும்.

சிலர் பிரதியிடுவதற்கு முன்பே மேலும் கீழும் e^(−x)-ஆல் பெருக்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு வரும் விடை −ln(1+e^(−x)) + C. பார்வைக்கு வேறு விடைபோலத் தெரிந்தாலும், 1+e^x என்பதில் e^x-ஐ வெளியே எடுத்தால் இரண்டும் ஒன்றே என்பது தெரிந்துவிடும். இரண்டு வடிவத்தையும் கையில் வைத்திருப்பது எங்கே உதவும் என்பதற்கு இயற்பியலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

ஓர் ஆற்றல் மட்டத்தில் எலக்ட்ரான் இருப்பதற்கான வாய்ப்பை 1926-இல் ஃபெர்மியும் டிராக்கும் தனித்தனியே வகுத்தார்கள். அந்த வாய்ப்பு நாம் பார்த்துவரும் 1/(1+e^x)-தான். இங்கே x என்பது ஃபெர்மி மட்டத்திலிருந்து அந்த மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கான அளவு. அறை வெப்பநிலையில் இதன் ஓர் அலகு ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு. சில டிரான்சிஸ்டர்களில் எலக்ட்ரான்கள் மிக மெல்லிய ஓர் அடுக்குக்குள் அடைபட்டிருக்கும். அங்கே ஆற்றல் மட்டங்கள் சீரான அடர்த்தியில் அமைகின்றன. எனவே மொத்தம் எத்தனை எலக்ட்ரான்கள் என்று அறிய, அடிமட்டத்திலிருந்து முடிவிலி வரை இந்தச் சார்பைத் தொகையிட்டு ஒரு மாறிலியால் பெருக்கினால் போதும்.

அடிமட்டம் x = −a என்று கொள்வோம். முதல் வடிவத்தில் முடிவிலியைப் போட்டால் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்கும் நிலை வந்து கை நின்றுவிடும். இரண்டாவது வடிவத்தில் e^(−x) பூச்சியத்துக்குப் போய்விடுவதால் மேல் எல்லையில் எதுவும் மிஞ்சாது. கீழ் எல்லை மட்டும் விடையைத் தருகிறது: ln(1+e^a). a = 0 என்றால் இது ln 2, அதாவது 0.69. a = 10 என்றால் 10-ஐவிட ஓர் இம்மி கூட. ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே உள்ள இடங்கள் ஏறக்குறைய முழுதும் நிரம்பியிருக்கின்றன என்று இதற்குப் பொருள்.

கோவையில் e^(2x), e^(3x) வந்தாலும் இதே வழிதான். அவை u², u³ ஆகிவிடும். e^(x/2), e^(x/3) இரண்டும் கலந்து வந்தால் e^(x/6)-ஐ u என்று எடுத்தால் அவை u³, u² ஆகும். அப்போது dx = 6 du/u என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் x அடுக்கில் மட்டும் இருக்க வேண்டும். வெளியே தனியாகத் தலைகாட்டினால் பிரதியிட்ட பின் அது ln u ஆகி உள்ளேயே தங்கிவிடும், பகுதிப் பின்னங்கள் அதைத் தொட முடியாது. மெல்லிய அடுக்கை விட்டு ஒரு முழு உலோகத் துண்டுக்கு வந்தால் நேர்வது இதுதான். முப்பரிமாணத்தில் மட்டங்களின் அடர்த்தி, அடிமட்டத்திலிருந்து அளக்கும் ஆற்றலின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. தொகையீட்டுக்குள் ஒரு √ குறி நுழைந்துவிடுகிறது. Ln(1+e^a) போன்ற எளிய விடை அங்கே கிடைப்பதில்லை. அந்தத் தொகையீட்டின் மதிப்புகளைத்தான் மெக்டூகலும் ஸ்டோனரும் எண்களாகவே கணக்கிட்டு, 1938-இல் அட்டவணையாக வெளியிட்டார்கள்.