உங்களுக்குத் தெரியுமா? ‘இல்லை’ என்றதும் பிரெஞ்சில் சுருங்கும் சொல்

பால் குடிப்பதற்கும் ஒரு முன்சொல்

தமிழில் ‘பால் குடிக்கிறேன்’ என்றால் வாக்கியம் முடிந்துவிடும். பிரெஞ்சில் அப்படி முடியாது. ‘ஜெ புவா த்யூ லே’ என்று சொல்ல வேண்டும். ‘ஜெ’ நான், ‘புவா’ குடிக்கிறேன், ‘லே’ பால். நடுவில் நிற்கும் ‘த்யூ’ தான் நம் கதாநாயகன். உலகத்துப் பால் முழுவதையும் அல்ல, அளவு சொல்லாத ஏதோ கொஞ்சத்தைக் குடிக்கிறேன் என்பதை அது காட்டுகிறது. பொருளில் ஒரு பகுதியைக் குறிப்பதால் இதற்குப் ‘பகுதி ஆர்ட்டிகிள்’ என்று பெயர்.

இதற்கு நான்கு வடிவங்கள். ஆண்பால் சொல்லுக்கு முன் ‘த்யூ’. பெண்பால் சொல்லுக்கு முன் ‘தெ லா’: இறைச்சி என்றால் ‘தெ லா வியாந்த்’. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘தெ ல்’: தண்ணீருக்கு ‘ஓ’ என்று பெயர், ஆகவே ‘தெ லோ’. பன்மைக்கு முன் நெடிலாக ‘தே’: பழங்கள் என்றால் ‘தே ஃப்ரூயி’. இந்தப் பன்மை வடிவத்தை வேறு வகையில் சேர்க்கும் இலக்கண நூல்களும் உண்டு. ஆனால் மறுப்பு வரும்போது இதுவும் மற்ற மூன்றைப் போலவே நடக்கிறது.

‘த்யூ’வுக்குள் இரண்டு சொற்கள்

‘த்யூ’ தனிச்சொல் போலத் தெரிந்தாலும் அது ‘தெ’, ‘லெ’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. ‘லெ’ என்பது தெரிந்த பொருளைச் சுட்டும் ஆர்ட்டிகிள். ‘தெ’ என்பது லத்தீனிலிருந்து வந்த முன்னிடைச்சொல். ‘இலிருந்து’, ‘உடைய’ என்ற பொருள்களில் வரும். பழைய பிரெஞ்சில் இவை சேர்ந்து ‘தெல்’ என்று ஒலித்தன. காலப்போக்கில் அந்த ‘ல்’ கரைந்து ‘த்யூ’ ஆயிற்று.

ஆகவே ‘த்யூ லே’யின் வேர்ப்பொருள் ‘அந்தப் பாலிலிருந்து’. தொடக்கத்தில் அப்படித்தான் வழங்கினார்கள். எதிரே வைத்திருக்கும் குறிப்பிட்ட பாலில் ஒரு பங்கைச் சொல்லும்போது மட்டும் இந்த வடிவம் வந்தது. பொதுவாகப் பால் என்று சொல்ல, ஆர்ட்டிகிள் ஏதும் இல்லாத வெறும் பெயரே போதுமானதாக இருந்தது. அந்த வெறும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

நான்கும் ஒன்றாகிவிடும்

வாக்கியத்தை மறுத்தால் என்ன ஆகிறது? பிரெஞ்சில் வினைச்சொல்லின் இரு பக்கமும் ‘நெ’, ‘பா’ என்ற இரண்டு சொற்களை வைத்து மறுப்பார்கள். ‘குடிப்பதில்லை’ என்பது ‘நெ புவா பா’.

- த்யூ லே → பா தெ லே (பால் இல்லை)
- தெ லா வியாந்த் → பா தெ வியாந்த் (இறைச்சி இல்லை)
- தெ லோ → பா தோ (தண்ணீர் இல்லை)
- தே ஃப்ரூயி → பா தெ ஃப்ரூயி (பழங்கள் இல்லை)

ஆண்பால், பெண்பால், பன்மை என்ற வேறுபாடெல்லாம் போய் ‘தெ’ மட்டும் மிஞ்சுகிறது. உயிரொலிக்கு முன் அதுவும் தேய்ந்து ‘த்’ ஆகி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அன்’ என்ற ஆர்ட்டிகிளும் இதே வழியில் போகிறது. ‘அன் ஷா’ என்றால் ஒரு பூனை. பூனை இல்லை என்றால் ‘பா தெ ஷா’.

‘பா’ என்றால் ஓர் எட்டு

இந்தச் சுருக்கத்துக்கான காரணம் ‘பா’ என்ற சொல்லின் பிறப்பில் இருக்கிறது. இன்று அது மறுப்புச் சொல். ஆனால் அதன் மூலம் ‘பாஸ்ஸும்’ என்ற லத்தீன் பெயர்ச்சொல். பொருள், நடக்கும்போது வைக்கும் ஓர் எட்டு.

முன்பு மறுப்பதற்கு ‘நெ’ ஒன்றே போதுமானதாக இருந்தது. அதற்கு அழுத்தம் கொடுக்க மிகச் சிறிய அளவொன்றைக் கூடவே சொன்னார்கள். நாம் ‘ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை’, ‘ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை’ என்கிறோமே, அதே முறைதான். நடக்கவில்லை என்பதற்கு ‘ஓர் எட்டு’ (பா), தின்னவில்லை என்பதற்கு ‘ஒரு துணுக்கு’ (மீ), குடிக்கவில்லை என்பதற்கு ‘ஒரு துளி’ (கூத்), பொதுவாக எதற்கும் ‘ஒரு புள்ளி’ (புவேன்) என்று சேர்த்தார்கள். பிறகு ‘பா’ நடையோடு நிற்காமல் எல்லா வினைகளுடனும் வரத் தொடங்கியது. எட்டு என்ற பொருள் அந்த இடத்தில் மறைந்து, மறுப்பு மட்டும் நின்றது. மொழிகளில் மறுப்புச் சொல் மெலிவதும், அதைத் தாங்க வந்த சொல்லே பின்னர் மறுப்பாகிவிடுவதுமான இந்தச் சுழற்சியை டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917-இல் விரிவாக எழுதினார். அது இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு கிலோவுக்கும் ‘இல்லை’க்கும் ஒரே இலக்கணம்

பிரெஞ்சில் அளவுச் சொல்லுக்குப் பின் பொதுவாக ‘தெ’ வரும், அதன்பின் ஆர்ட்டிகிள் இல்லாத வெறும் பெயர் வரும். ஒரு கிலோ பழம் ‘அன் கிலோ தெ ஃப்ரூயி’. நிறையப் பால் ‘போக்கூ தெ லே’. ஒரு கிளாஸ் தண்ணீர் ‘அன் வேர் தோ’.

இப்போது ‘பா தெ லே’யை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். அச்சு அசலாகப் பொருந்துகிறது. ‘புவேன் தெ’ என்றவர்களுக்கு அது முதலில் ‘ஒரு புள்ளியளவு’ என்றே பொருள்பட்டது. ‘பா தெ’யும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆக, இந்த மறுப்புச் சொற்கள் இலக்கணத்தில் அளவுச் சொற்களாகவே தங்கிவிட்டன. அவை காட்டும் அளவு சுழியம், அவ்வளவுதான் வேறுபாடு. இனி இல்லை என்பதற்கான ‘ப்ள்யூ’, ஒருபோதும் இல்லை என்பதற்கான ‘ஜமே’ ஆகியவற்றுக்குப் பின்னும் ‘தெ’ வருவது இதனால்தான்.

‘லெ’யும் ‘லா’வும் எங்கே போயின?

உண்மையில் அவை எங்கும் போகவில்லை. அந்த இடத்தில் அவை இருந்ததே இல்லை. பழைய பிரெஞ்சில் பொதுவான பால் வெறும் ‘லே’ என்று பார்த்தோம். அந்தக் காலத்து அமைப்பே அளவுச் சொற்களுக்குப் பின் இன்றுவரை நிலைத்திருக்கிறது. மற்ற இடங்களில் ‘த்யூ’, ‘தெ லா’ பரவி, சில நூற்றாண்டுகளில் கட்டாயமாகிவிட்டன. ‘சுருங்கியது’ என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும், வரலாற்றுப்படி ‘தெ லே’ தான் பழசு, ‘த்யூ லே’யின் பொதுப் பயன்பாடு பின்னால் வந்தது.

இன்றைய மொழியை மட்டும் வைத்து விளக்குவோரும் உண்டு. மொரீஸ் க்ரோஸ் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் 1967-இல் இதை ‘ஒலி இடறல் விதி’ என்ற கருத்தில் ஆராய்ந்தார். ‘தெ’வுக்குப் பின் ‘த்யூ’வோ ‘தே’வோ வர வேண்டிய இடத்தில், அடுத்தடுத்து இரண்டு ‘தெ’ ஒலிப்பதைத் தவிர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள் என்பது அந்த விதி. முதல் விளக்கம் வரலாற்றைச் சொல்கிறது, இரண்டாவது இன்று பேசுபவரின் வாயில் நடப்பதைச் சொல்கிறது.

ஓர் ஒலியில் தலைகீழாகும் பொருள்

‘ப்ள்யூ தெ லே’ என்று எழுதினால் அதற்கு இரண்டு பொருள்கள் உண்டு: ‘இனிப் பால் இல்லை’, ‘இன்னும் அதிகப் பால்’. எழுத்து ஒன்றே, பொருள் நேரெதிர். அதிகம் என்று சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் கடைசி எழுத்தை ஒலித்து ‘ப்ள்யூஸ்’ என்பார்கள். இல்லை என்று சொல்பவர்கள் அதை ஒலிக்க மாட்டார்கள். இரண்டிலும் ‘தெ’ மாறவே இல்லை. கூடுதலும் இன்மையும் பிரெஞ்சு இலக்கணத்துக்கு ஒரே வகை அளவுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சுருங்காத இடம்: சர்க்கரையா, உப்பா?

கிண்ணத்தில் இருப்பதைச் சுவைத்துவிட்டு ஒருவர் சொல்கிறார்: ‘ஸெ நே பா த்யூ ஸ்யூக்ர், ஸே த்யூ ஸெல்’. இது சர்க்கரை அல்ல, உப்பு. இங்கே மறுப்பு இருந்தும் ‘த்யூ’ அப்படியே நிற்கிறது. காரணம், எவ்வளவு சர்க்கரை என்ற பேச்சே இங்கு இல்லை. இது என்ன பொருள் என்பதுதான் கேள்வி. தமிழ் பேசுபவர்களுக்கு இது எளிது. எழுத்துத் தமிழில் நாம் ‘சர்க்கரை இல்லை’ என்றும் ‘சர்க்கரை அல்ல’ என்றும் பிரித்தே சொல்கிறோம். இன்மையைச் சொல்லும் ‘இல்லை’க்கு ‘தெ’, பொருளை மறுக்கும் ‘அல்ல’வுக்கு முழு வடிவம்.

பணம் இருக்கிறது, ஆனால் வீணாக்க அல்ல

‘ஜெ நே பா தார்ஜான்’ என்றால் என்னிடம் பணம் இல்லை. ‘ஜெ நே பா தெ லார்ஜான் பூர் லெ காஸ்பியே’ என்றால் பொருள் வேறு: என்னிடம் பணம் இருக்கிறது, வீணாக்குவதற்காக அல்ல. மறுப்பு பணத்தின் மீது விழாமல் நோக்கத்தின் மீது விழுகிறது. பணம் அங்கே இருப்பதால் ‘தெ லார்ஜான்’ முழுதாக நிற்கிறது.

பேச்சில் மிஞ்சுவது ‘பா’

அன்றாடப் பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் ‘நெ’வை விட்டுவிடுகிறார்கள். ‘ஜே பா தெ லே’ (என்னிடம் பால் இல்லை) என்பதே வீட்டுப் பேச்சு. அழுத்தத்துக்கு வந்த பழைய ‘எட்டு’ இப்போது மறுப்பின் முழுச் சுமையையும் தாங்குகிறது. ‘தெ’ அதோடுதான் ஒட்டியிருக்கிறது.

ஒரு பயிற்சி

இந்த நான்கு கூற்றுகளைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் ‘எவ்வளவு?’ என்று கேளுங்கள். ‘சுழியம்’ என்று பதில் வந்தால் மட்டும் ‘தெ’.

1. பால் குடிப்பதில்லை. எவ்வளவு? சுழியம். ‘ஜெ நெ புவா பா தெ லே’. ‘பா த்யூ லே’ என்பது கற்பவர்கள் முதலில் செய்யும் பிழை.
2. பழம் சாப்பிடுகிறேன், இறைச்சி இல்லை. பழம் கொஞ்சம் உண்டு, இறைச்சி சுழியம். ‘ஜெ மாங்ஜ் தே ஃப்ரூயி, மே பா தெ வியாந்த்’.
3. காபி பிடிக்காது. இங்கே அளவுக்கு இடமில்லை, காபி என்ற வகை முழுவதையும் பேசுகிறோம். முதலிலிருந்தே ‘லெ’ தான், பகுதி ஆர்ட்டிகிள் அல்ல. ஆகவே ‘ஜெ நேம் பா லெ கஃபே’.
4. தண்ணீர் மட்டுமே குடிக்கிறேன். ‘மட்டும்’ என்பதற்கு ‘நெ … கெ’ என்ற அமைப்பு உண்டு. ‘நெ’வைக் கண்டதும் விதி தெரிந்தவர்களே ‘தோ’ என்று சுருக்கிவிடுகிறார்கள். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் சுழியம் அல்ல, கொஞ்சம் குடிக்கத்தான் செய்கிறேன். ஆகவே ‘ஜெ நெ புவா கெ தெ லோ’ என்பதே சரி.