அறை வாடகையைச் சொல்லும் முகவர்

‘நூறு சதவீதம் கிளெய்ம் கிடைக்கும், நான் பொறுப்பு’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும் முகவர், தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்கிறார். கிளெய்மை முடிவு செய்வது நிறுவனம். முகவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

நம்பிக்கை தரும் பதிவு வேறு மாதிரி இருக்கும். அறை வாடகையை எடுத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் ரூபாய் பாலிசியில் நாள் வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய். நோயாளி 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். வாடகை 32,000, மருத்துவர், அறுவை அரங்கக் கட்டணங்கள் 1,28,000. வாடகையில் மட்டும்தான் வெட்டு விழும் என்று பலரும் நினைக்கிறோம். இத்தகைய பாலிசிகள் பலவற்றில் அந்தக் கட்டணங்களும் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் குறையும். 1,60,000-க்கு ஒரு லட்சம்தான் வரும். மருந்துச் செலவுக்கு இந்த வெட்டு கிடையாது.

இதை விளக்கி, ‘உங்கள் பாலிசியில் வாடகை வரம்பு உண்டா என்று பாருங்கள்’ என முடிக்கும் பதிவில் வாக்குறுதியே இல்லை. ஆனால் அதே பதிவில் ஒரு பாலிசியின் பெயரைச் சொல்லி வாங்கச் சொன்னால் அது விளம்பரம். நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும். ‘முதல் பிரீமியத்தில் பாதியை நானே தருகிறேன்’ என்பதோ 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி குற்றம். அப்படிச் சொல்பவரிடம் பாலிசி எடுக்காதீர்கள்.