160-ஆ, மைனஸ் 96-ஆ?

80-உம் 80-உம் எவ்வளவு? 160 என்போம். எட்டு பிட் கணக்குச் சுற்றும் 10100000 என்று அதையேதான் தருகிறது. ஆனால் முதல் பிட் 1 என்றால் அது மைனஸ் எண் என்று வைத்துக்கொண்டு படிப்பவருக்கு, அதே எட்டு பிட்டுகள் மைனஸ் 96 ஆகிவிடும்.

எந்த முறையில் படிக்கப்போகிறார்கள் என்பது சுற்றுக்குத் தெரியாது. அது கூட்டுவதோடு சரி. கூடவே நான்கு குறிப்புகளை எழுதி வைக்கிறது: ஜீரோ, நெகட்டிவ், கேரி, ஓவர்ஃப்ளோ. இவற்றுக்கு ஃபிளாக் என்று பெயர். 1975-இல் வந்த 6502 சிப், ஆப்பிள் II கணினியின் மூளை, இந்த நான்கையும் Z, N, C, V என்று வைத்திருந்தது.

முதல் இரண்டும் எளிது. எட்டு பிட்டுகளில் ஒன்றுகூட 1 இல்லையென்றால் Z எழும்; அதற்கு ஒரு நார் கேட் போதும். N-க்கு அதுவும் வேண்டாம். விடையின் முதல் பிட்டிலிருந்து ஒரு கம்பி இழுத்தால் முடிந்தது.

கேரியையும் ஓவர்ஃப்ளோவையும்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கேரி என்பது எட்டு இடங்களுக்குள் அடங்காமல் வெளியே விழும் ஒன்பதாவது பிட். 200-உம் 100-உம் கூட்டினால் 300. எட்டு பிட்டில் 255-க்கு மேல் இடமில்லை, அதனால் 44 மட்டும் மிஞ்சி C எழுகிறது. மைனஸ் முறையில் படிப்பவருக்கு இதில் பிழையே இல்லை. அவருக்கு 200 என்பது மைனஸ் 56. அதோடு 100 சேர்ந்தால் 44 சரியான விடைதான். V எழாது. 80 + 80-இல் நேர்மாறு: C எழாது, V எழும்.

மைனஸ் முறையில் மைனஸ் 128 முதல் 127 வரைதான் இடம். இரண்டு ப்ளஸ் எண்கள் கூடி மைனஸ் வந்தாலோ, இரண்டு மைனஸ் கூடி ப்ளஸ் வந்தாலோ எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். சுற்றின் மொழியில், முதல் பிட்டுக்குள் நுழையும் கேரியும் அதிலிருந்து வெளியேறும் கேரியும் வேறுபட்டால் V எழ வேண்டும். 80 + 80-இல் உள்ளே 1 போகிறது, வெளியே 0 வருகிறது. 200 + 100-இல் உள்ளேயும் 1, வெளியேயும் 1.

பிரெட்போர்டில் இதைக் கட்டுபவருக்கு இங்கே ஒரு தடங்கல். இரண்டு 74LS283 சிப்புகளை அடுத்தடுத்து வைத்து எட்டு பிட் கூட்டுகிறோம். முதல் பிட்டுக்குள் நுழையும் கேரி சிப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதற்கெனக் கால் கிடையாது. ஆனால் விடையின் முதல் பிட் உருவானதே இரண்டு எண்களின் முதல் பிட்டுகளையும் அந்தக் கேரியையும் எக்ஸார் செய்துதானே? அதைத் திருப்பிப் போட்டால் ஒளிந்திருக்கும் கேரி வெளிவந்துவிடும்:

```
V = C xor A7 xor B7 xor S7
```

மூன்று எக்ஸார் கேட்கள். 74LS86 சிப்பில் நான்கு இருக்கின்றன, ஒன்று மிச்சம்கூட.

கழித்தலில்தான் கம்பி தவறும். கழிக்க வேண்டிய எண்ணின் பிட்டுகளைப் புரட்டி, 1 சேர்த்துக் கூட்டுவதுதான் கழித்தல். B7 கம்பியைப் புரட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். முன்னால் எடுத்துவிட்டால்? 5-இலிருந்து 3 கழிப்போம்: 5 + 252 + 1 = 258; விடை 2, C = 1. A7, S7 இரண்டும் 0. புரட்டிய B7 1 என்பதால் V = 0, சரி. புரட்டாத B7 0; V = 1 என்று பொய் சொல்லும். கூட்டலில் எல்லாம் ஒழுங்காக இருந்து, ஒவ்வொரு கழித்தலிலும் V தலைகீழாக வந்தால் இந்தக் கம்பியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதே 5 − 3-இல் C எழுந்ததையும் கவனியுங்கள். கடன் வாங்கவில்லை என்பதற்கு அடையாளம் அது. 6502 அதை அப்படியே விட்டுவிடுகிறது. இன்டெல் 8080 திருப்பிப்போட்டு, கடன் வாங்கினால்தான் C-யை எழுப்புகிறது. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றுக்கு மாற்றுபவர் இதை மறந்தால் நிபந்தனைகள் எல்லாம் எதிர்த்திசையில் ஓடும்.

ஒப்பிடும்போது N-ஐ மட்டும் நம்பவும் முடியாது. 100-இலிருந்து மைனஸ் 100-ஐக் கழித்தால் 200. N எழுந்து, 100-தான் சிறியது என்று காட்டும். V-யும் எழுந்திருப்பதால் N-ஐத் திருப்பிப் படிக்க வேண்டும். 6502-இன் ஒப்பீட்டுக் கட்டளையான CMP, V-யைத் தொடுவதே இல்லை. எனவே மைனஸ் எண்களை ஒப்பிட, உண்மையாகவே கழித்துப் பார்க்க வேண்டும்:

```
     SEC
     SBC NUM
     BVC OK
     EOR #$80
OK   BMI LESS
```

V எழாவிட்டால் நேராக OK-க்குத் தாவுகிறது. எழுந்திருந்தால் EOR முதல் பிட்டைப் புரட்டி N-ஐத் திருத்துகிறது. அதன் பிறகு BMI எடுக்கும் முடிவு சரியாக இருக்கும்.