அந்தி வானும் கரிய உருவமும்: நிழலுருப் படத்துக்கு ப்ராம்ப்ட் எழுதுவது எப்படி?

நிழலுருப் படத்தில் வெளிச்சம் முழுவதும் உருவத்தின் பின்னால் இருக்கும். புகைப்படக்காரர் காமிராவின் ஒளி அளவை வானத்துக்கு ஏற்ப வைத்துவிட்டால் போதும், முன்னால் நிற்கும் மனிதரும் மரமும் தாமாகவே கறுத்துவிடும். சொற்களைக் கொண்டு படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் அப்படித் திருகி வைக்க எதுவும் இல்லை. கறுப்பு வேண்டும் என்பதையும், எதன் விளிம்பு தெரிய வேண்டும் என்பதையும் ப்ராம்ப்ட்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவிகளில் பல வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அதைச் சீராக்கிப் படத்தை வரைகின்றன. 2022-ல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் இதனால் ஒரு குறை இருந்தது: படத்தின் மொத்த வெளிச்சம் எப்போதும் நடுத்தரத்தை நோக்கியே இழுபட்டது. மையிருட்டைக் கேட்டாலும் சாம்பல்தான் வந்தது. பயிற்சியில் சேர்க்கும் இரைச்சலின் அளவே இதற்குக் காரணம் என்று 2023-ல் கண்டுபிடித்துத் திருத்தும் வழிகளைச் சொன்னார்கள். புதிய கருவிகளில் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் முகத்தையும் துணியையும் தெளிவாகக் காட்டும் பழக்கம் அவற்றை விட்டு முழுதாகப் போகவில்லை. ஆகவே நிழலுரு ப்ராம்ப்டில் எழுதக் கூடாதவை முக்கியமாகின்றன. ‘சிவப்புச் சேலை’, ‘புன்னகைக்கும் முகம்’, ‘நுணுக்கமான விவரங்கள்’ ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அதைக் காட்டுவதற்காகக் கருவி முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்சிவிடும்.

ஓர் உதாரணம். மாலையில் கண்மாய்க் கரைமேல் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். தூரத்தில் ஒற்றைப் பனை. பல கருவிகள் ஆங்கிலப் படக்குறிப்புகளிலேயே அதிகம் பயின்றவை என்பதால் ப்ராம்ப்ட் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது:

```
Silhouette of a man pushing a bicycle on a straight earthen lake bund,
side profile, mid-stride, clear gap between man and bicycle,
one palmyra palm far right, round crown, fan-shaped leaves,
solid black shapes, low camera angle, flat horizon in lower fifth,
just after sunset, clear sky, smooth gradient,
orange to pale yellow to dark blue
```

முதல் சொல்லே நிழலுரு என்று சொல்லிவிடுகிறது. பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஒரு நேரத்தில் 77 சொல்துண்டுகளைத்தான் படிக்கும். அதற்கு மேல் எழுதியது வெட்டுப்படலாம். அந்த வரம்பு இல்லாத கருவிகளிலும் முக்கியமானதை முன்னால் எழுதுவதே பாதுகாப்பு.

அடுத்தது வடிவம். கறுப்பில் கண், மூக்கு, துணிமடிப்பு எல்லாம் மறைந்துபோவதால், பார்ப்பவருக்கு மிஞ்சுவது வெளிக்கோடு மட்டும். நேருக்கு நேர் நிற்கும் மனிதர் கறுப்புக் கம்பமாகத் தெரிவார். பக்கவாட்டில் நின்றால் நெற்றியும் மூக்கும் தாடையும் கோடாகப் பதியும். நடையில் கால்கள் விலகி நிற்க வேண்டும். மனிதருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் வானம் தெரிய வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒட்டி, இன்னதென்று தெரியாத ஒரே கட்டியாகிவிடும். பனையை வலது ஓரத்துக்குத் தள்ளியதும் இதற்காகத்தான். அதன் ஓலை விசிறி வடிவம், தலை உருண்டை என்று விவரித்ததற்குக் காரணம் வேறு. வெறுமனே ‘பாம்’ என்று எழுதினால், பெரும்பாலும் கடற்கரைச் சுற்றுலாப் படங்களில் வரும் வளைந்த தென்னைதான் வந்து நிற்கும். நிழலுருவில் பனையைத் தென்னையிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த உருண்டைத் தலையும் நேரான மரமும்தான்.

அடிவானம் சுத்தமாக இருக்க, காமிரா தாழ்வாக இருக்க வேண்டும். கண் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானக் கோடு மனிதரின் கழுத்தையோ தலையையோ வெட்டிக்கொண்டு போகும். தாழ்வாக இருந்து அண்ணாந்து பார்த்தால் உடல் முழுதும் வானத்தின் மேல் எழும்பி நிற்கும். கண்மாய்க் கரை இதற்கு வாய்ப்பான இடம். கீழே வயலில் நின்று பார்க்கிறவருக்குக் கரையின் மேல்விளிம்பே அடிவானமாகிவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள வீடு, மின்கம்பம், புதர் எல்லாவற்றையும் கரையே மறைத்துக்கொள்கிறது. கோட்டைப் படத்தின் கீழ் ஐந்தில் ஒரு பங்கில் வைத்தால் மீதி நான்கு பங்கும் வானத்துக்குக் கிடைக்கும்.

வானத்தின் நிறங்களை வரிசையோடு சொல்ல வேண்டும். அடிவானத்திலிருந்து வரும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைவிட ஏறத்தாழ 40 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, ஆரஞ்சும் சிவப்பும் நம்மை வந்தடைகின்றன. அதனால் கீழே அடர் ஆரஞ்சு, அதன்மேல் வெளிர் மஞ்சள், உச்சியில் கருநீலம். ‘அழகான அந்தி வானம்’ என்று மட்டும் எழுதினால் கருவி ஊதாவும் இளஞ்சிவப்பும் கொட்டி, மேகங்களை அடுக்கிவிடும். மேகம் வேண்டாம் என்றால் ‘மேகம் இல்லாத’ என்று எழுதுவதைவிடத் ‘தெளிந்த வானம்’ என்பதே மேல். பல கருவிகள் ‘இல்லை’ என்பதை விட்டுவிட்டு ‘மேகம்’ என்பதைப் பிடித்துக்கொள்ளும். விலக்க வேண்டியவற்றை எழுதத் தனி இடம் இருந்தால் அங்கே எழுதலாம். மிட்ஜர்னியில் அதற்கு `--no clouds` என்று முடிவில் சேர்க்க வேண்டும்.

இந்த உதாரணத்தில் சூரியன் மறைந்த பிறகான நேரத்தைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. கருவிகள் சூரியனை மிகப் பெரிதாக வரையும். உண்மையில் வானில் சூரியனின் அகலம் அரை பாகைதான். சாதாரண 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் அது படத்தின் அகலத்தில் 80-ல் ஒரு பங்கு அளவே இருக்கும், 400 மி.மீ. லென்ஸில்தான் பத்தில் ஒரு பங்காகும். பெரிய சூரியன் வேண்டுமென்றால் `400mm telephoto` என்று சேர்த்து, உருவம் வெகு தூரத்தில் நிற்பதாகவும் எழுதினால் படம் நம்பும்படி இருக்கும். சூரியனே இல்லாவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை, நிறங்களும் ஒரே சீராக இறங்கும்.

வந்த படத்தில் முதலில் பார்க்க வேண்டியது உருவத்தின் இரு பக்கமும். இடதுபக்க அடிவானமும் வலதுபக்க அடிவானமும் ஒரே உயரத்தில் இல்லாமல் போவது இக்கருவிகள் அடிக்கடி செய்யும் பிழை. உருவம் நடுவில் மறைப்பதால் மேலோட்டமாகப் பார்க்கையில் கண்ணில் படாது. ஓர் அளவுகோலை வைத்தால் உடனே தெரியும். அடுத்து, படத்திருத்தும் மென்பொருளில் இருண்ட பகுதியின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தானும் முகமும் மெல்லத் தெரிந்தால் அது நிழலுரு ஆகவில்லை. கறுப்பின் அளவை இன்னும் இறக்க வேண்டும். வானத்தில் நிறங்கள் பட்டை பட்டையாகத் தெரிந்தால், மிக மெல்லிய புள்ளி இரைச்சலை வானத்தில் சேர்த்தால் அந்தப் பட்டைகள் கலைந்துவிடும். சாதாரணக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. அகன்ற வானத்துக்கு அவை போதாததால் வருவது இது.

கடைசியாகப் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கலாம். அப்போதும் மனிதர், சைக்கிள், பனை மூன்றும் தனித்தனியே புரிய வேண்டும். பெரும்பாலும் சிக்குவது சைக்கிள்தான்: பெடல் ஒருபக்கம் காணாமல் போகும், கம்பிகள் நடுவில் சேராது, கைப்பிடி கைக்குள் கரைந்துவிடும். ஒவ்வொரு முறையும் இப்படியே வந்தால் ப்ராம்ப்டைச் சொல் சொல்லாக மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சைக்கிளை எடுத்துவிட்டு, தலையில் புல்கட்டோடு நடப்பவரைக் கேட்பதே நல்லது. சிக்கலான இயந்திரத்தைவிட எளிய வெளிக்கோட்டை இக்கருவிகள் நன்றாகவே வரைகின்றன.