தவணைக்குக் கொடுத்த பொருள் திரும்பி வந்தால் கணக்கு எழுதுவது எப்படி?



குழுவாகத் தொழில் செய்கிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "தவணை கட்டாதவங்ககிட்ட இருந்து பொருளைத் திருப்பி எடுத்துட்டோம். கணக்கை எப்படி எழுதறது?" ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

சென்னை நந்தனத்தில் ஒரு குழு, 3,200 ரூபாய்க்கு கிரைண்டர் வாங்கி, 4,000 ரூபாய்க்குத் தவணையில் விற்பதாக வைத்துக்கொள்வோம். முன்பணம் 400 ரூபாய். மீதியை மாதம் 300 வீதம் 12 தவணையாகக் கட்ட வேண்டும். கடைசித் தவணை கட்டும் வரை கிரைண்டர் குழுவுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள்.

விற்ற அன்று, வாங்கியவர் பக்கத்தில் 4,000 பற்று. சரக்குக் கணக்கில் 3,200 கழிகிறது. மீதி 800 ரூபாயை 'வராத லாபம்' என்று தனிப் பக்கத்தில் வைக்க வேண்டும். இங்கேதான் பலர் தப்பு பண்ணுகிறார்கள். அன்றைக்கே 800-ஐயும் லாபமாக எழுதிப் பங்கும் பிரித்து விடுகிறார்கள். உண்மையில், கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 பைசாதான் லாபம். 80 பைசா நாம் போட்ட முதல்.

முன்பணமும் 4 தவணையும் கட்டிவிட்டு அவர் நிறுத்திவிட்டார். வந்தது 1,600 ரூபாய். அதில் லாபம் 320. பாக்கி 2,400. அதற்குள் இருக்கிற வராத லாபம் 480.

கிரைண்டர் திரும்பி வந்ததும் முதலில் விலை மதிப்பிட வேண்டும். வாங்கிய விலையையோ, பாக்கித் தொகையையோ அப்படியே எழுதக் கூடாது. இன்றைக்கு விற்றால் 1,700 கிடைக்கும், ரிப்பேருக்கு 200 ஆகும் என்றால் மதிப்பு 1,500. இனி பதிவு இப்படி:

திரும்பிய சரக்கு: 1,500
வராத லாபத்தில் கழிப்பது: 480
நஷ்டம்: 420
மொத்தம்: 2,400

இந்த 2,400-ஐ வாங்கியவர் பக்கத்தில் வரவு வைத்தால் அவர் கணக்கு முடிந்துவிடும். மீதியை அவரிடம் கேட்பதில்லை என்று குழு தீர்மானம் போட்டிருந்தால் மட்டுமே இப்படி முடிக்கலாம். ரிப்பேர் செய்யும்போது அந்த 200-ஐத் திரும்பிய சரக்கின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரியாக எழுதினோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கைக்கு வந்த 1,600-உம் கிரைண்டரின் மதிப்பு 1,500-உம் சேர்ந்து 3,100. நாம் போட்டது 3,200. ஆக நஷ்டம் 100. கணக்கிலும் லாபம் 320, நஷ்டம் 420; வித்தியாசம் அதே 100. முன்பே 800-ஐயும் பிரித்திருந்தால், உறுப்பினர் சேமிப்பில் கை வைத்திருப்போம்!

ஒன்றை மறக்க வேண்டாம். வீட்டுக்குள் புகுந்து பொருளைப் பிடுங்கக் கூடாது. கடனை வசூலிக்க அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றமே 2007-இல் கண்டித்தது. முதலில் எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். அவரே ஒப்படைத்தால், பொருளின் நிலைமை, தேதி, மதிப்பு எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, தீர்மானப் புத்தகத்திலும் பதியுங்கள். அந்தக் காகிதம்தான் உங்கள் பதிவுக்கு ஆதாரம்.