பெரிய டைல்ஸ் ஏன் ‘டொப்’ என்று ஒலிக்கிறது?

புது வீட்டின் தரையை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் இரண்டு விதமான சத்தம் கேட்கும். பல இடங்களில் ‘டக்’ என்று கெட்டியாக ஒலிக்கும். சில இடங்களில் ‘டொப்’ என்று உள்ளே ஒன்றுமில்லாததுபோல ஒலிக்கும். டொப் சத்தம் வருகிற இடத்தில் டைல்ஸின் முதுகுக்கும் அதன் கீழே உள்ள கலவைக்கும் நடுவில் பெரும்பாலும் காற்று நிற்கிறது. ஓரடிச் சதுர செராமிக் டைல்ஸ் போட்ட காலத்தில் இந்தப் புகார் இவ்வளவு இல்லை. 4 அடிக்கு 2 அடி விட்ரிஃபைட் டைல்ஸ் நடுத்தர வீடுகளுக்கும் வந்த பிறகுதான் இது அதிகமாகக் காதில் விழுகிறது. கொத்தனாரின் கை திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை. பொருள் மாறியிருக்கிறது, போடும் முறை மாறவில்லை.

பழைய செராமிக் டைல்ஸின் முதுகில் நுண்துளைகள் நிறைய உண்டு. தண்ணீரில் ஊறப்போட்டுப் பதித்தால் சிமெண்ட் பால் அந்தத் துளைகளுக்குள் புகுந்து, அங்கேயே இறுகி, வேர்விட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீர் உறிஞ்சும் அளவு அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சிமெண்ட் பால் உள்ளே போக வழியே இல்லை. அதன் மேல் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும் வெறும் சிமெண்ட், காய்ந்து சுருங்கும்போது எளிதாக விட்டுவிடுகிறது. அடெசிவும் சிமெண்டும் மணலும் கலந்த தூள்தான். ஆனால் அதில் பாலிமர் சேர்ந்திருக்கிறது. துளையில்லாத பரப்பையும் பிடித்துக்கொள்வது அந்தப் பாலிமர்தான்.

இரண்டாவது காரணம் அளவு. கலவையில் டைல்ஸ் போடுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு அங்குலக் கனத்துக்குக் கலவையைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவார்கள். தரையை மட்டமாக்கும் வேலையும் டைல்ஸை ஒட்டும் வேலையும் ஒரே நேரத்தில், ஒரே கலவையில் நடக்கின்றன. சிறிய டைல்ஸ் என்றால் நான்கு தட்டில் அடியிலுள்ள காற்று ஓரம் வழியாக வெளியேறிவிடும். எட்டுச் சதுர அடிப் பலகையின் நடுவில் மாட்டிய காற்று எங்கே போகும்? ஒரு மூலையைத் தட்டி இறக்கினால் எதிர்மூலை லேசாகத் தூக்கிக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட அந்த மூலையில் கொஞ்சம் கலவையைத் திணிப்பார்கள். மேலிருந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி. அடியில் மட்டும் ஆங்காங்கே பள்ளம். கலவையில் தண்ணீர் கூடியிருந்தால் அது வற்றும்போது படுகை இன்னும் கொஞ்சம் தாழும். போட்ட அன்று கெட்டியாக இருந்த இடம் சில வாரம் கழித்து டொப் என்று ஒலிப்பது இதனால்தான்.

அடெசிவ் முறையின் உண்மையான பலம், இந்த இரண்டு வேலைகளையும் அது பிரித்துவிடுவதில் இருக்கிறது. முதலில் கலவையால் தளத்தை மட்டமாக்கி, தண்ணீர் விட்டு ஆற்றி, காயவிட வேண்டும். சுருங்க வேண்டியதெல்லாம் அந்தக் கட்டத்திலேயே சுருங்கிவிடும். அதன்பிறகு வரும் மெல்லிய அடெசிவ் படுகைக்கு ஒட்டும் வேலை ஒன்றுதான். தளத்தை நீலச் சிமெண்ட் பூசி வழவழப்பாக்காமல் சற்றுச் சொரசொரப்பாக விட வேண்டும். இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகையை எந்தப் பக்கம் வைத்தாலும் அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது.

16 அடிக்கு 20 அடி ஹாலை எடுத்துக்கொள்வோம். 320 சதுர அடி, கிட்டத்தட்ட 30 சதுர மீட்டர். 4 அடிக்கு 2 அடி டைல்ஸ் கணக்குப்படி 40 வேண்டும், வெட்டுக்கும் உடைசலுக்கும் மூன்று நான்கு கூட. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு அடெசிவ் தூள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பிடிக்கும். இந்த அளவு டைல்ஸுக்கு அழுத்திய பிறகு ஐந்து மில்லிமீட்டர் படுகை நிற்க வேண்டும் என்றால் 225 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டை 12. யாராவது ஐந்தாறு மூட்டையில் முடித்துத் தருகிறேன் என்றால், அடியில் பாதி இடம் காலியாக இருக்கப்போகிறது என்று பொருள். மூட்டை வாங்கும்போது இந்தியத் தர எண் ஐ.எஸ். 15477-ஐயும் அதில் எந்த வகை என்பதையும் பாருங்கள். முதல் வகை செராமிக்குக்கானது. விட்ரிஃபைடுக்கு இரண்டாம் வகையாவது வேண்டும்.

போடும் விதம் இன்னும் முக்கியம். டைல்ஸின் முதுகில், சூளையில் ஒட்டாமலிருக்கப் பூசிய வெள்ளைத்தூள் இருக்கும். ஈரப் பஞ்சால் அதைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடெசிவ் பிடிப்பது தூளைத்தான், டைல்ஸை அல்ல. 12 மில்லிமீட்டர் பல் கரண்டியால் தளத்தில் ஒரே திசையில் கோடு கோடாக இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிய பூச்சுத் தேய்க்க வேண்டும். டைல்ஸை வைத்த பிறகு, கோடுகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் கோடுகள் சரிந்து படுத்துக்கொள்ளும், காற்று வாய்க்கால் வழியாக வெளியேறும். வட்டம் வட்டமாக இழுத்தால் காற்றுக்கு வழியில்லை.

அடெசிவ் வாங்கிய வீடுகளிலும் டொப் சத்தம் வருவது இந்த இடத்தில்தான். பழைய பழக்கத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை வைத்து அழுத்திவிடுவார்கள். ஐந்து உருண்டைக்கும் நடுவில் வெறும் காற்று. இன்னொன்று வெயில். விரித்த அடெசிவின் மேல் சுமார் இருபது நிமிடத்தில், காற்றும் வெயிலும் உள்ள அறையில் அதற்கும் முன்பே, பாலில் ஏடு படிவதுபோல ஒரு தோல் படிந்துவிடும். விரலால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் அதைச் சுரண்டிப் போட வேண்டும். மேலே தண்ணீர் தெளித்து உயிர்ப்பிக்க முடியாது. நாளின் முதல் டைல்ஸ் போட்டதும் அதை உடனே தூக்கி முதுகைப் பார்ப்பது நல்ல சோதனை. உள்ளறையில் குறைந்தது 80 சதவீதமும் குளியலறை, மொட்டைமாடியில் 95 சதவீதமும் அடெசிவ் ஒட்டியிருக்க வேண்டும். மூலைகளில் காலியிடம் இருக்கவே கூடாது.

அதற்காகக் கலவைப் படுகை செத்துவிடவில்லை. கனம் சீராக இல்லாத கடப்பாக் கல்லுக்கும் கிரானைட்டுக்கும் அதுதான் வசதி. ஏற்ற இறக்கத்தைக் கனத்த கலவைதான் விழுங்கும்.

ஏற்கெனவே டொப் என்று ஒலிக்கிற வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பெயர்க்கத் தேவையில்லை. சத்தம் வரும் பகுதியைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். டைல்ஸின் நடுவில் உள்ளங்கை அளவு காலி, ஏறி நின்றால் அசைவில்லை, ஓர கிரவுட்டில் கீறலும் இல்லை என்றால் விட்டுவிடலாம். மூலையோ ஓரமோ காலியாக இருந்தால் ஆபத்து. கேஸ் சிலிண்டரோ குழவியோ அங்கே விழுந்தால் உடைவது அந்த மூலைதான். பத்துப் பதினைந்து டைல்ஸ் சேர்ந்தாற்போல ஒலித்தால், அடியில் மட்டக் கலவையே கான்கிரீட்டை விட்டுப் பிரிந்திருக்கலாம். இணைப்பில் சிறு துளையிட்டு எபாக்ஸி செலுத்தும் முறை உண்டு. அது பள்ளத்தை நிரப்பும். ஆனால் முதுகில் தூள் படிந்திருந்தால் அங்கே ஒட்டாது.

சுவரோரம் இடைவெளி விடாமல், டைல்ஸுக்கு டைல்ஸ் முட்டவைத்துப் போட்ட தரையில் இந்தக் குறை பெரிதாகும். சூட்டில் விரியும் டைல்ஸுக்கு இடமில்லாமல், பிடிப்பில்லாத இடத்தில் அது கூரைபோல எழும்பிவிடும். ஸ்கர்ட்டிங் மூடும் ஓரத்தில் ஆறேழு மில்லிமீட்டரும், டைல்ஸுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டரும் விடச் சொல்லுங்கள்.

நாணயத்தால் தட்டிப் பார்க்கச் சரியான நாள், போட்ட மறுநாள், கிரவுட் பூசுவதற்கு முன்பு. இணைப்பு திறந்திருக்கும்போது டொப் என்று ஒலிக்கும் ஒரு டைல்ஸைக் கழற்றிப் போடுவது சின்ன வேலை. கிரவுட் இறுகி, கூலி முழுவதும் கொடுத்து முடிந்தபின் அது பக்கத்து டைல்ஸையும் சேர்த்து உடைக்கும் வேலை.