பேட்டரி மாற்றியதும் முள் 12-ல் நிற்கவில்லையா?

பேட்டரி மாற்றிய குவார்ட்ஸ் குரோனோகிராஃபில் ஸ்டாப்வாட்ச் முள் 12-க்குத் திரும்பாமல் வேறெங்கோ நின்றால், பழுது என்று பயப்பட வேண்டாம். முள் எங்கே நிற்கிறது என்பது சர்க்யூட்டுக்குத் தெரியாது. மோட்டாரை எத்தனை அடி நகர்த்தினோம் என்ற கணக்கு மட்டும்தான் அதற்கு. மின்சாரம் போனால் அந்தக் கணக்கும் போய்விடும்.

பல கடிகாரங்களில் இருக்கும் மியோட்டா ஓ.எஸ். 20 இயந்திரத்தில், பக்கவாட்டுக் குமிழை இரண்டாம் நிலைவரை முழுதாக இழுத்து, மேல் பட்டனை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் விநாடி முள் ஓரடி நகரும். அழுத்திப் பிடித்தால் வேகமாக ஓடும். நிமிட முள் கூடவே வரும்.

முள் 12-ஐத் தொடும்வரை குமிழை உள்ளே தள்ளாதீர்கள். பாதியில் தள்ளினால், நின்ற இடத்தையே பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். இரு கோடுகளுக்கு நடுவே நின்றால் பட்டன் உதவாது. கடிகாரக்காரர் முள்ளைக் கழற்றித்தான் பொருத்த வேண்டும்.